பெரியவருக்கு முதல் மடல்: ‘தாங்கள்’ போடுவதா, ‘நீங்கள்’ போதுமா?

கடலூரிலோ பாண்டியிலோ கல்லூரியில் படிக்கிறீர்கள். ஆய்வேட்டுக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும். அதை அறிந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். உங்களை அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் அவரை நூல்கள் வழியாகத்தான் தெரியும். அவருக்கு எப்படி எழுதுவது? இந்தக் கட்டுரை அந்த ஒரு மடலைப் பற்றியது மட்டும்தான். வேலைக்கு விண்ணப்பிப்பதும் அலுவலகத்துக்கு மனு எழுதுவதும் வேறு கதை.

ஆய்வேடு எழுதும் பருவத்தில் மாணவர்கள் இந்த மாதிரி மடல்களின் வரைவை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். மரியாதை குறைவாக இருக்கும் வரைவு அபூர்வம். பெரும்பாலானவற்றில் முதல் வரியில் மரியாதை மலைபோல் இருக்கும், நாலாவது வரியில் காணாமல் போயிருக்கும். ஒன்றைக் காட்டுகிறேன். கடலூரில் எம்.ஏ. வரலாறு படிக்கும் மாணவி ஒருவர், பாண்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதி வைத்திருந்தது இது:

“உயர்திரு மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, அடியேன் கடலூரில் எம்.ஏ. வரலாறு படித்து வருகிறேன். தங்களைப் போன்ற மாபெரும் அறிஞருக்கு எழுதுவதை என் வாழ்நாள் பாக்கியமாகக் கருதுகிறேன். எனது ஆய்வேடு தேவனாம்பட்டணம் கோட்டையைப் பற்றியது. அதற்கான விவரங்களை உடனே அனுப்பி வைக்கவும். உங்க வாட்ஸ்அப் நம்பரும் சொல்லுங்க சார். முன்கூட்டியே நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள…”

நல்ல பிள்ளை, நல்ல தலைப்பும்கூட. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதும் ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கடற்கரையில் தலைமையிடமாக இருந்தது தேவனாம்பட்டணம்தான். அதே ஆண்டு டிசம்பரில் பாண்டியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் அதையும் பிடிக்கப் படை அனுப்பினார், முடியவில்லை. இதைப் பற்றிக் கேட்டால் அந்தப் பேராசிரியர் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். ஆனால் இந்த மடலைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? ‘அடியேன்’ என்று கும்பிட்டவர் இரண்டு வரி தள்ளி ‘உடனே அனுப்பி வைக்கவும்’ என்று உத்தரவு போடுகிறார். அதற்கடுத்த வரியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசுவதுபோல ‘உங்க நம்பர் சொல்லுங்க சார்’ என்கிறார். மூன்று பேர் சேர்ந்து எழுதிய மடல்போல் இருக்கிறது.

மடலின் மரியாதை அளவை முடிவு செய்பவை மூன்று: எப்படி அழைக்கிறோம், எந்தப் பெயரால் சுட்டுகிறோம், எப்படிக் கேட்கிறோம். மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரம் எது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

1. முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள்

அவர் எழுதிய ஏதாவது ஒரு கட்டுரையின் முன்னுரையோ நன்றியுரையோ கிடைத்தால் போதும். அதில் அவர் தன் ஆசிரியரை எப்படிக் குறிப்பிடுகிறார் என்று பாருங்கள். ‘என் ஆசிரியப் பெருந்தகை’ என்று எழுதுகிறவருக்கு ஓர் அளவு. ‘என் ஆசிரியர்’ என்று மட்டும் எழுதி அடுத்த வேலையைப் பார்க்கிறவருக்கு வேறு அளவு. தான் பெரியவர்களிடம் காட்டும் மரியாதையைத்தான் இளையவர்களிடமும் ஒருவர் எதிர்பார்ப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் கூச்சப்படுவார், கீழே போனால் முகம் சுளிப்பார்.

அதே நூலில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அவருடைய பெயரின் முன்னெழுத்து. தமிழில் இது தனித் தலைவலி. ஒருவர் ‘எஸ்.’ என்று போடுவார், இன்னொருவர் ‘ச.’ என்று போடுவார், மூன்றாமவர் ‘சு.’ என்று போடுவார். மூன்றுமே ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகத்தான் வரும். ஆங்கிலப் பட்டியலில் பார்த்த பெயரை நீங்களாகத் தமிழாக்கி எழுதினால் தப்பாகப் போக வாய்ப்பு அதிகம். ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லில் பெயரைத் தப்பாக எழுதினால் முன்னால் போட்ட மரியாதை எல்லாம் வீண். நூலின் அட்டையில் அவரே போட்டிருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம். அவர் எந்த மொழியில் எழுதுகிறாரோ அதில். பாண்டியில் மூன்றாவது மொழியும் உண்டு. பிரெஞ்சில் எழுதப் போகிறீர்கள் என்றால் ‘நீங்கள்’ என்று பொருள்படும் ‘வூ’தான், ‘நீ’ என்று பொருள்படும் ‘தூ’ கூடவே கூடாது. முன்பின் தெரியாதவருக்கு எழுதும் முதல் மடலை ‘முசியே’ அல்லது ‘மதாம்’ என்று மட்டும் தொடங்குவதுதான் அங்கே முறை. ஆங்கிலத்தில் ‘டியர்’ போடும் பழக்கத்தில் ‘ஷேர்’ சேர்த்தால், பழகாதவரிடம் உரிமை எடுத்துக்கொண்டது போலாகும்.

2. அழைப்பு: ஒரு அடைமொழி போதும்

‘மதிப்பிற்குரிய ஐயா,’ அவ்வளவுதான். பெண் என்றால் ‘மதிப்பிற்குரிய அம்மா,’ அல்லது ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,’. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ‘திருமதி’ போடாதீர்கள். அவருக்குத் திருமணமானதா இல்லையா என்பது ஆய்வேட்டுக்குத் தேவையில்லாத விஷயம். முனைவர் பட்டம் வாங்கி முப்பது ஆண்டு பாடம் நடத்தியவரை ‘திருமதி’ ஆக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

‘உயர்திரு’, ‘மதிப்பிற்குரிய’, ‘ஐயா’, ‘அவர்கள்’ நான்கையும் ஒரே வரியில் அடுக்குவதுதான் வழக்கமான பிழை. ‘உயர்திரு’ போட்டால் ‘மதிப்பிற்குரிய’ வேண்டாம். ‘ஐயா’ என்று நேரே அழைத்த பிறகு ‘அவர்கள்’ ஒட்டாது. மடலின் உறையில் முகவரிக்கு மேலே ‘பேராசிரியர்’ என்று பெயரோடு ‘அவர்கள்’ எழுதலாம். மின்னஞ்சல் என்றால் அதற்கும் இடம் இல்லை.

‘சமூகத்திற்கு’ என்பது மனு எழுதிக் கொடுக்கிறவர்களின் மொழி. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று கேட்கலாம், பேராசிரியர் வீட்டில் வேண்டாம். ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கு உரியது. ‘மேதகு’ இப்போது ஆளுநர்களுக்கே வழக்கொழிந்து வருகிறது. குடியரசுத் தலைவர் மாளிகை 2012-இலேயே அந்த மாதிரி அடைமொழிகளை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் குறைக்கச் சொல்லிவிட்டது. 

‘அன்புள்ள ஐயா’ எழுதலாமா என்று கேட்பார்கள். இலக்கியத்தில் புழங்குகிறவர்களுக்கு எழுதலாம், அங்கே அது இயல்பு. பேராசிரியருக்கு முதல் மடலிலேயே வேண்டாம், இரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம். ‘அன்புள்ள’ போட்டு வெறும் பெயரை எழுதுவது எப்போதும் கூடாது. ‘அண்ணா’, ‘ஜி’ இரண்டும் அப்படித்தான்.

இதற்கு விதிவிலக்கு, அவர் ஒரு வட்டத்துக்குள் இருப்பவராக இருந்தால். பாதிரியார் என்றால் ‘அருட்தந்தை’. இடதுசாரி இயக்கத்தவர் என்றால் ‘தோழர்’ என்பதுதான் அவருக்கு மரியாதை. ஆனால் நீங்கள் அந்த வட்டத்தில் இல்லாதவர் என்றால் ‘ஐயா’வே பாதுகாப்பு. வடலூர் சன்மார்க்கத்தவர்கள் மடலின் தலையில் ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அவர்களுக்கு நீங்கள் எழுதும்போது அதைப் பார்த்துப் போட வேண்டியதில்லை. நம்பாததை நம்புவதுபோல் எழுதினால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

3. ‘தாங்கள்’, ‘நீங்கள்’

எழுபதைத் தாண்டியவர், தமிழிலேயே எழுதிப் பழகியவர் என்றால் முதல் மடலுக்குத் ‘தாங்கள்’ பொருத்தம். இன்னும் பணியில் இருக்கிறவர், மாணவர்கள் ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிடுகிறவர் என்றால் ‘நீங்கள்’ தாராளமாகப் போதும். அங்கே ‘தாங்கள்’ போட்டால் திருமண அழைப்பிதழ் வாசம் வரும். சந்தேகமாக இருந்தால் ‘நீங்கள்’ பக்கம் சாயுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ‘நீங்கள்’ என்பது குறைந்த மரியாதை இல்லை. அதைக் கெடுப்பது ‘உங்க’, ‘சொல்லுங்க’ என்று பேச்சில் வரும் குறுக்கம்தான்.

‘தாங்கள்’ போட முடிவு செய்தால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வினைமுற்று. ‘தாங்கள் எழுதியுள்ளார்கள்’ என்று எழுதுகிறார்கள். ‘அவர்கள்’ என்ற நினைப்பில் வருவது அது. ‘தாங்கள் எழுதியுள்ளீர்கள்’ என்பதே சரி. ‘நீங்கள்’ எடுக்கும் முடிவைத்தான் ‘தாங்கள்’ளும் எடுக்கும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ‘தங்கள்’ என்பது ‘உங்கள்’ என்றும் பொருள்படும், ‘அவரவர்’ என்றும் பொருள்படும். ‘எங்கள் துறை ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்தார்கள்’ என்று எழுதினால், யாருடைய கட்டுரை? அவர்கள் எழுதியதா, பேராசிரியர் எழுதியதா? இப்படி இடறும் வரியில் ‘தாங்கள் எழுதிய கட்டுரையை’ என்று விரித்து எழுதுங்கள்.

இரண்டையும் கலக்காமல் இருப்பதற்கு எளிய வழி, சுட்டுப்பெயரையே குறைத்துக்கொள்வது. தமிழ் அதற்கு இடம் கொடுக்கும். ‘தாங்கள் எனக்கு நேரம் ஒதுக்கியதற்குத் தங்களுக்கு நன்றி’ என்பதை ‘நேரம் ஒதுக்கியதற்கு நன்றி ஐயா’ என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. ஒரு மடலில் ‘தாங்கள்’ இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பாதி தானாகவே உதிரும்.

உங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘நான்’. ‘அடியேன்’, ‘சிறியேன்’ இரண்டும் வேண்டாம். கோயில் பக்கம் இருக்கட்டும்.

4. கேட்கும் வினை

எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிள்ளைகள் ‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’, ‘பதிலளிக்கவும்’ என்று எழுதுகிறார்கள். எழுத்துத் தமிழாக இருப்பதால் மரியாதையாகவும் இருக்கும் என்ற எண்ணம். இந்த ‘-வும்’ எங்கெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘வரிசையில் நிற்கவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘அசல் சான்றிதழ்களுடன் வரவும்’. அறிவிப்புப் பலகையும் சுற்றறிக்கையும் பேசும் மொழி. ஆள் யார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது. பெரியவர் ஒருவரிடம் நேரே சொன்னால் கட்டளையாகத்தான் விழும். முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். ‘தயவுசெய்து அமைதி காக்கவும்’ என்று பலகையில் எழுதி வைப்பதில்லையா?

‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான். ‘பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று கேட்டுக் கேட்டு அதில் அதிகாரத்தின் வாசம் ஏறிவிட்டது. சமமானவர்களுக்குள் பரவாயில்லை. மூத்தவரிடம் ‘வேண்டுகிறேன்’ நல்லது. ‘அனுப்பி உதவ வேண்டுகிறேன்’ என்பது மனு மொழிதான் என்றாலும் பணிவு கெடாமல் நிற்கும். ஒரு மடலில் ஒரு தடவை போதும்.

இவற்றையெல்லாம் விட நல்லது கேள்வியாகக் கேட்பது. ‘சொல்ல முடியுமா?’, ‘பார்க்க இயலுமா?’, ‘எப்போது நேரம் வாய்க்கும்?’ கேள்விக்கு ‘முடியாதும்மா’ என்று பதில் சொல்ல இடம் இருக்கிறது. பெரியவருக்கு மறுக்கும் வசதியைக் கொடுப்பதுதான் இங்கே மரியாதை. ‘அனுப்பி வைக்கவும்’ என்றால் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பதில் போடாமல் விட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

‘சொன்னால் உதவியாக இருக்கும்’ என்று எழுதுவதும் நல்ல வழி. அதையே ‘சொன்னால் என் வாழ்நாள் முழுக்க நன்றிக்கடன் பட்டிருப்பேன்’ என்று இழுத்தால், சின்ன உதவிக்குப் பெரிய விலை பேசுவதுபோல் ஆகிவிடும். அந்தப் பெரியவருக்கே சங்கடம்.

‘உடனே’, ‘அவசரம்’, ‘இரண்டு நாளில்’ மூன்றும் கூடாது. உண்மையிலேயே கெடு இருந்தால் அதைச் செய்தியாகச் சொல்லுங்கள்: ‘ஆய்வேட்டை ஏப்ரல் கடைசியில் ஒப்படைக்க வேண்டும்.’ கணக்கு அவரே போட்டுக்கொள்வார்.

‘முன்கூட்டியே நன்றி’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் செய்யாத உதவிக்கு நன்றி சொல்வது, ‘செய்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்’ என்று தோளில் கைபோடுவது மாதிரி. வெட்டிவிடுங்கள்.

எவ்வளவு கேட்கிறோம் என்பதிலும் மரியாதை இருக்கிறது. ‘தேவனாம்பட்டணம் பற்றிய விவரங்கள்’ என்றால் எதை அனுப்புவார்? கோட்டை கட்டிய கதையா, முற்றுகையா, வணிகமா? இப்படிக் கேட்பது, ‘நான் படிக்கவில்லை, எனக்காக நீங்கள் படியுங்கள்’ என்று சொல்வதுதான். என்ன படித்தோம், எந்த இடத்தில் நின்றுவிட்டோம் என்று சொல்லி, நின்ற இடத்தை மட்டும் கேட்டால் பத்து அடைமொழி செய்யாத வேலையை அது செய்யும்.

5. திருத்திய மடல்

மேலே பார்த்த மாணவியோடு உட்கார்ந்து பேசினேன். அந்தப் பேராசிரியர் எழுபதைத் தாண்டியவர், தமிழில் எழுதுகிறவர். அவருடைய முன்னுரையில் தன் ஆசிரியரை ‘ஐயா’ என்றே குறிப்பிட்டிருந்தார். ஆகவே ‘ஐயா’, ‘தாங்கள்’, கேள்வி வடிவம் என்று மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தோம். நீ என்ன படித்தாய் என்று கேட்டேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1746 டிசம்பர்ப் பகுதியைப் படித்திருக்கிறார். அதில் வரும் சில ஊர்ப்பெயர்கள் இன்றைக்கு எந்த இடம் என்று பிடிபடவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அதுதான், முதல் வரைவில் அது இல்லவே இல்லை. அப்புறம் மடல் இப்படி ஆனது:

“பொருள்: தேவனாம்பட்டணம் ஆய்வேடு, மூன்று ஊர்ப்பெயர்கள் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கடலூரில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1746-இல் தேவனாம்பட்டணம் கோட்டையைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த முயற்சியைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். தாங்கள் எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் இந்தத் தலைப்புக்கு வந்தேன். மின்னஞ்சல் முகவரியை என் வழிகாட்டி கொடுத்தார்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1746 டிசம்பர்ப் பகுதியைப் படித்தேன். அதில் வரும் மூன்று ஊர்ப்பெயர்கள் இன்றைய கடலூரில் எந்த இடங்கள் என்று தெரியவில்லை. வருவாய்க் கிராமப் பட்டியலிலும் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயர்களையும் அவை வரும் வரிகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இவற்றில் தாங்கள் அறிந்த இடம் உண்டா என்று சொல்ல முடியுமா? நேரில் கேட்பது வசதி என்றால் எந்த நாளிலும் பாண்டிக்கு வரத் தயாராக இருக்கிறேன். ஆய்வேட்டை ஏப்ரல் கடைசியில் ஒப்படைக்க வேண்டும்.

நன்றியுடன்,”

கீழே பெயர், வகுப்பு, கல்லூரி, கைபேசி எண்.

இதில் ‘மாபெரும் அறிஞர்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் ‘தாங்கள் எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் வந்தேன்’ என்று இருக்கிறது. புகழ்ச்சியை யாரும் யாருக்கும் எழுதலாம். படித்தவர் மட்டும்தான் இந்த வரியை எழுத முடியும். (உண்மையிலேயே படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். எந்தப் பகுதி என்று திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.)

முகவரி எப்படிக் கிடைத்தது என்ற ஒரு வரியும் முக்கியம். முன்பின் தெரியாதவர் எழுதினால் பெரியவர் மனதில் எழும் முதல் கேள்வி அதுதான். வழிகாட்டியின் பெயரைச் சேர்த்துச் சொல்வது இன்னும் நல்லது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

முடிவில் ‘நன்றியுடன்’ போதும். ‘தங்கள் உண்மையுள்ள’ பள்ளிக்கூடத் தேர்வில் மதிப்பெண் வாங்கப் படித்தது, விண்ணப்பத்துக்குச் சரி. ‘பணிவுடன்’ போட்டாலும் தப்பில்லை. ‘அன்புடன்’ கொஞ்சம் பழகிய பிறகு. இடம், நாள், அனுப்புநர், பெறுநர் எல்லாம் தாளில் எழுதும்போது வேண்டும், மின்னஞ்சலில் தேவையில்லை.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. நாக்கு சுளுக்கும் சொல் கூடுதல் மரியாதை. சொல்லக் கூச்சமாக இருக்கும் சொல் குறைந்த மரியாதை. ‘மேலான சமூகத்திற்கு’ என்று அந்த மாணவி வாய்விட்டுப் படித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

6. வாட்ஸ்அப்பில் எழுத வேண்டியிருந்தால்

இன்றைக்குப் பல பெரியவர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை, வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் சொற்கள் அதேதான். மடலைப் பாதியாகச் சுருக்கி ஒரே செய்தியாக அனுப்புங்கள். ‘வணக்கம் ஐயா’ என்று மட்டும் போட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். யார், எதற்கு என்று தெரியாமல் அவர் என்ன பதில் சொல்வார்? ஏழு துண்டாக உடைத்து அனுப்பினால் ஏழு தடவை கைபேசி மணி அடிக்கும்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது நண்பர்களுக்குச் சரி. தமிழ்ப் பேராசிரியருக்கு அப்படி எழுதினால் ‘மதிப்பிற்குரிய’ கூட மதிப்பிழக்கும். குரல் செய்தி வேண்டாம். கேட்காமல் அழைக்கவும் வேண்டாம், ‘எப்போது அழைக்கலாம்?’ என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்த மகிழ்ச்சியில் மறுநாள் காலையிலிருந்து ரோஜாப்பூ வைத்த காலை வணக்கப் படங்களை அனுப்பத் தொடங்காதீர்கள். அவர் உங்களுக்கு அனுப்பினாலும்கூட.

7. பதில் வந்த பிறகு

அந்தப் பேராசிரியர் மறுநாளே பதில் போட்டார். “வணக்கம்மா. இரண்டு இடம் தெரியும், ஒன்று சந்தேகம். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் வாங்க. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க.” அவ்வளவுதான்.

அவர் ‘வாங்க’ என்று எழுதிவிட்டார் என்பதற்காக நீங்களும் ‘சரிங்க சார், வந்துடறேன்’ என்று இறங்கக் கூடாது. பெரியவர் ஒரு படி இறங்கினால் நாம் அரைப் படி இறங்கலாம். ‘தாங்கள்’ ‘நீங்கள்’ ஆகலாம், ‘மதிப்பிற்குரிய ஐயா’ வெறும் ‘ஐயா’ ஆகலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். மாணவி எழுதிய பதில்: “மிக்க நன்றி ஐயா. சனிக்கிழமை நாலரை மணிக்கு வருகிறேன். அந்தப் பக்கங்களின் நகலை எடுத்து வருகிறேன்.” சுட்டுப்பெயரே இல்லை, குறையும் இல்லை.

சிலர் வேறு மாதிரி பதில் போடுவார்கள். ‘இவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாமே’ என்று எழுதினால் நீங்கள் உயரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதாதீர்கள், அடுத்த மடலில் ‘நீங்கள்’ என்று மாற்றிக்கொண்டால் போதும். ‘சார்னு கூப்பிடு’ என்று சொன்னால் ‘சார்’. பெயரில் முன்னெழுத்தைத் திருத்தி எழுதியிருந்தால் ஒரே ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு அப்புறம் அப்படியே எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல். ‘என் முந்தைய மடலுக்கு இதுவரை பதில் கிடைக்கப்பெறவில்லை’ என்பது மின்வாரியத்துக்கு எழுதும் மொழி, பேராசிரியருக்கு அது புகார்போல் ஒலிக்கும். இப்படி எழுதலாம்: “வணக்கம் ஐயா. தேவனாம்பட்டணம் ஊர்ப்பெயர்கள் பற்றி இம்மாதத் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த மடலைக் கீழே இணைத்திருக்கிறேன். இப்போது நேரம் இல்லை என்றால், இதை வேறு யாரிடம் கேட்கலாம் என்று சொன்னாலும் உதவியாக இருக்கும்.” பழைய மடலைக் கூடவே வையுங்கள், அவரைத் தேட வைக்காதீர்கள். இதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது மடல் வேண்டாம். வழிகாட்டியிடம் சொல்லி வேறு ஒருவரின் முகவரியைக் கேளுங்கள்.